ஸ்லைடிங் கேட்டுக்கு லிமிட் சுவிட்சா, கரன்ட் சென்சிங்கா, இரண்டுமா?

அக்கா வீட்டு கேட்டுக்கு நானே கன்ட்ரோலர் செய்து தருவதாக வாய் விட்டுவிட்டேன். கேட் 4 மீட்டர் நீளம், எடை ஏறக்குறைய 300 கிலோ, தரையில் பதித்த தண்டவாளத்தில் இரண்டு சக்கரத்தில் ஓடும் ஸ்லைடிங் வகை. மோட்டார் 24 வோல்ட் டிசி, வார்ம் கியரோடு வந்தது. கீழே ரேக் என்ற நீளமான பல் பட்டை, அதில் ஓடும் 16 பல் பினியன் சக்கரம். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கேட் முட்டினா ஆம்ப் ஏறும்னு நீயே சொல்ற மாப்ள, அப்புறம் எதுக்கு அந்த சுவிட்ச் வேற?"

நியாயமான கேள்வி. கேட் எல்லைக்கு வந்ததைக் காட்டும் லிமிட் சுவிட்ச் என்றால் வெளியே வெயிலிலும் மழையிலும் கிடக்கும், உள்ளே எறும்பு கூடு கட்டும், ஒயரை எலி கடிக்கும். கரன்ட் பார்க்கும் சென்சாரோ பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆகவே என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கரன்ட்டை மட்டும் நம்புவது. லிமிட் சுவிட்ச் வைத்து, கரன்ட்டுக்கு ஒரே ஒரு உச்ச அளவு வைப்பது. லிமிட் சுவிட்சோடு, கேட் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும் கரன்ட் அளவு வைப்பது. மூன்றையும் அந்த கேட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இது டிசி மோட்டாருக்கு மட்டும். கெப்பாசிட்டர் வைத்த 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் ஏசி மோட்டார் உங்களிடம் இருந்தால் கரன்ட் சென்சிங்கை நம்ப வேண்டாம். அதில் சுமை இல்லாமல் ஓடும்போதே கணிசமான கரன்ட் போகும், சுமை ஏறும்போது அது கொஞ்சம்தான் நகரும். அங்கே வேகத்தைப் பார்க்கிற என்கோடர்தான் சரி.

சரி, டிசி மோட்டாரில் ஒரு ஆம்ப் ஏறினால் கேட் எவ்வளவு கூடுதலாகத் தள்ளுகிறது? இதைக் கணக்குப் போடாமல் "5 ஆம்ப் வை, 6 ஆம்ப் வை" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. என் மோட்டார் 24 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1800 சுற்று. அதிலிருந்து ஒரு ஆம்புக்கு 0.127 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று வருகிறது. கியர் 30-க்கு 1, ஆனால் வார்ம் கியர் பாதி சக்தியை உராய்விலேயே தின்றுவிடும், ஆக பினியனில் 1.9 நியூட்டன் மீட்டர். பினியன் ஆரம் 32 மில்லிமீட்டர். வகுத்தால் ஒரு ஆம்புக்கு 60 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 6 கிலோ தள்ளு. இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்து வரும். மோட்டார் முழுசாக நின்றுபோனால் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் 1.2 ஓம், 20 ஆம்ப் இழுக்கும், அது 120 கிலோ. ஒரு குழந்தையின் விலா எலும்பு நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஐரோப்பியத் தரநிலை இஎன் 12453 இதற்கு எல்லை வைத்திருக்கிறது. குறுகிய இடைவெளியில் நசுக்கும் விசை உச்சத்தில் 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, முக்கால் விநாடிக்குள் 150-க்குக் கீழே இறங்க வேண்டும், 5 விநாடிக்குள் 25-க்குக் கீழே போக வேண்டும். கடைசி வரியைக் கவனியுங்கள். வார்ம் கியர் தானே பூட்டிக்கொள்ளும், மோட்டாரை நிறுத்தினால் மட்டும் விசை போகாது, கை மாட்டியபடியே இருக்கும். அதனால் தடை தெரிந்ததும் நின்றால் போதாது, பின்னால் ஒரு 15 சென்டிமீட்டராவது போக வேண்டும். நம்மூரில் பல கேட்டுகள் "நின்றுவிடுகிறதே" என்று நல்ல பெயர் வாங்கிவிடுகின்றன.

இப்போது முதல் வழி. லிமிட் சுவிட்சே இல்லை, கேட் தூணில் முட்டும், கரன்ட் ஏறும், கன்ட்ரோலர் "மூடியாச்சு" என்று நிறுத்தும். முதல் நாள் அருமையாக ஓடியது. இரண்டாம் நாள் வழியில் ஒரு காலி 20 லிட்டர் தண்ணீர் கேனில் செங்கல் போட்டு நிறுத்தினேன். கேட் பாதி வழியில் கேனில் முட்டி நின்று, "மூடியாச்சு" என்று பச்சை விளக்கைப் போட்டது. சுவாரசியம் என்னவென்றால் அதன் மேல் தப்பே இல்லை. தூணும் கேனும் அதற்கு ஒன்றுதான், இரண்டுமே ஆம்ப் ஏற்றம்.

இதைச் சமாளிக்க எல்லோரும் செய்வது நேரக் கணக்கு. முழு ஓட்டம் 23 விநாடி என்றால் கடைசி 2 விநாடியில் வரும் ஏற்றத்தை மட்டும் தூண் என்று எடுத்துக்கொள், அதற்கு முன்னால் வந்தால் தடை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பேட்டரி இறங்கினால் வேகம் குறையும், கணக்கு நகரும். அதைவிட மோசம், அந்தக் கடைசி 2 விநாடி என்பது கேட்டின் கடைசி 35 சென்டிமீட்டர். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் கை, தலை மாட்டுகிற இடமே அதுதான்! நசுங்கும் இடத்தில் பார்வையை மூடிக்கொள்கிற ஒரு பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் தூணில் முட்டி நிற்பதால் ரேக் போல்ட் தளர்வதும் கியர் தேய்வதும் தனிக் கதை. இரண்டு கதவாகத் திறக்கும் ஸ்விங் கேட்டில் சிறிய மோட்டாரோடு இந்த முறையைப் பலர் பயன்படுத்துகிறார்கள், அங்கே ஓரளவு ஓடும். 300 கிலோ ஸ்லைடிங் கேட்டுக்கு இது வேண்டாம்.

மாமாவின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. லிமிட் சுவிட்ச் கேட்டை நிறுத்துவதற்காக மட்டும் இல்லை. கேட் தூணைத் தொடுவதற்கு ஒன்றரை சென்டிமீட்டர் முன்பே சுவிட்ச் நிறுத்திவிட்டால், ஓடும் கேட் எதையாவது தொட்டது என்றாலே அது தடைதான், விதிவிலக்கே கிடையாது. கரன்ட் ஏற்றத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் மிஞ்சும். அப்போதுதான் கடைசி சென்டிமீட்டர் வரை கண்ணைத் திறந்து வைக்க முடியும்.

எந்த சுவிட்ச், எப்படி ஒயர் செய்வது என்பதில் ஒரு சின்ன தேர்வு இருக்கிறது. ரோலர் லீவர் வைத்த சாதாரண சுவிட்சில் என்சி முனை இருக்கும், அதாவது தொடாதபோது இணைந்திருக்கும், அழுத்தினால் துண்டிக்கும். ஒயர் அறுந்தாலும் துரு பிடித்தாலும் கன்ட்ரோலருக்கு "எல்லைக்கு வந்தாச்சு" என்றே தெரியும், கேட் நின்றுவிடும். எரிச்சலான பழுது, ஆனால் ஆபத்தில்லாத பழுது. காந்தத்தால் வேலை செய்யும் ரீட் சுவிட்ச் மழைக்கும் எறும்புக்கும் அஞ்சாது, ஆனால் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் என்ஓ வகை, காந்தம் அருகே வந்தால்தான் இணையும். ஒயர் அறுந்தால் கன்ட்ரோலருக்குத் தெரியவே தெரியாது, கேட் எல்லை தாண்டிப் போய் முட்டும். நான் ரோலர் சுவிட்சை என்சியில் போட்டேன், கேபிள் நுழைவைக் கீழ்ப்பக்கம் வைத்தேன். ரீட்தான் வேண்டுமென்றால் ஓட்ட நேர வரம்பு கட்டாயம். என்னுடையதில் இரண்டு வகைக்குமே 28 விநாடி வரம்பு இருக்கிறது.

சுவிட்சை மோட்டார் ஒயரிலேயே தொடராகப் போட்டு, எதிர்த்திசைக்கு ஒரு டயோடு கொடுப்பது பழைய முறை. புரோகிராம் தொங்கினாலும் நிற்கும் என்பது பெரிய நன்மை. ஆனால் டிசி மோட்டார் கரன்ட்டை வெட்டும்போது ஏசியில் போல தீப்பொறி தானே அணையாது, சின்ன சுவிட்சின் முனைகள் கருகிப் போகும். நடுவழி ஒன்று உண்டு: அந்தந்தத் திசை ரிலேயின் காயில் ஒயரில் சுவிட்சைத் தொடராகப் போடுங்கள், அதே முனையிலிருந்து கன்ட்ரோலருக்கும் ஒரு ஒயர். சில பத்து மில்லிஆம்பியர்தான் வெட்டுகிறது, புரோகிராம் தயவும் வேண்டாம். ரிலே முனையே ஒட்டிக்கொண்டால் மட்டும் இது காப்பாற்றாது. அதற்கு மீண்டும் கரன்ட் சென்சார்தான்: ரிலேக்களை அணைத்த பிறகும் ஆம்ப் ஓடினால் மெயின் சப்ளையை வெட்டும் இன்னொரு ரிலே.

இனி கரன்ட் பக்கம். இரண்டாம் வழியா, மூன்றாம் வழியா?

ஒரே உச்ச அளவு வைக்கும் இரண்டாம் வழியில் புரோகிராம் நாலு வரி. ஆனால் என்ன அளவு வைப்பது? அக்கா வீட்டு கேட்டின் முழு ஓட்டத்தையும் அளந்து பார்த்தேன். பெரும்பாலான தூரம் 2 ஆம்ப் முதல் 2.5 வரை. தண்டவாளத்தில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் வெல்டிங் சரியாகத் தேய்க்கப்படவில்லை, அங்கே சக்கரம் ஏறி இறங்கும்போது 4.2. தரையும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஏற்றம். ஒரே அளவு என்றால் இந்த 4.2-க்கு மேலே வைத்தாக வேண்டும், மழை, தூசிக்கு இடம் விட்டு 5.5 வைத்தேன். இப்போது 6 கிலோ கணக்கைப் போடுங்கள். வெல்டிங் இடத்தில் கூடுதல் 1.3 ஆம்ப், 8 கிலோவில் நின்றுவிடும். 2 ஆம்பில் வழுக்கிக்கொண்டு போகும் இடத்திலோ 3.5 ஆம்ப் ஏற வேண்டும், அதாவது 21 கிலோ. 15 கிலோ எல்லையைத் தாண்டியாச்சு. அதுவும் எங்கே? என் கேட்டில் அந்த இலகுவான இடம் தூண் பக்கத்துக் கடைசி ஒரு மீட்டர்தான்.

அளவைக் குறைத்து 4.5 வைத்துப் பார்த்தேன். அந்த வாரம் மழை. மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள், "கேட் பாதியில நின்னு பின்னாடி போகுதுடா, பேய் புடிச்ச மாதிரி." அதே வெல்டிங் இடம், மணல் சேர்ந்திருந்தது. இப்படி இரண்டு முறை நடந்தால் வீட்டில் யாராவது திருகாணியைத் திருப்பி உச்ச அளவைக் கூட்டிவிடுவார்கள், அப்புறம் அந்தப் பாதுகாப்பு பெயருக்குத்தான்.

மூன்றாம் வழியில் கேட் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மோட்டார் அச்சில் ஒரு சிறு காந்தம், அருகில் ஒரு ஹால் சென்சார், சுற்றுக்கு ஒரு துடிப்பு. பினியன் ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டர், மோட்டார் அதற்குள் 30 சுற்று, ஆக ஒரு துடிப்புக்கு 6.7 மில்லிமீட்டர். பாதையைப் பத்து பத்து சென்டிமீட்டராக 40 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வழக்கமான ஆம்ப் எவ்வளவு என்று நினைவில் வைக்கிறோம், திறக்கத் தனி, மூடத் தனி. அந்தக் கட்டத்தின் வழக்கத்தைவிட 1.2 ஆம்ப் கூடினால் தடை. எங்கே முட்டினாலும் ஏறக்குறைய 7 கிலோவில் தெரிந்துவிடுகிறது, வெல்டிங் இடத்தில் பேயும் பிடிக்கவில்லை. லிமிட் சுவிட்ச் இங்கேயும் வேலை செய்கிறது: ஒவ்வொரு முறை தொடும்போதும் துடிப்பு எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும், இல்லையென்றால் தவறிய துடிப்புகள் சேர்ந்து சேர்ந்து கட்டங்கள் நகர்ந்துவிடும்.

மையப் பகுதி இவ்வளவுதான், 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை ஓடுகிறது:

```
if (runMs > 400) {
  if (amps > base[i] + 1.2) hits++;
  else hits = 0;
  if (hits >= 6 || amps > 6.0) stopAndReverse();
}
```

வழக்க ஆம்பைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ள விட்டேன், தடையில்லாமல் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லை வரை முடிந்த ஓட்டத்தில் மட்டும், புதிய அளவில் எட்டில் ஒரு பங்கு சேர்த்து. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சக்கரத்தின் பேரிங் மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருந்தால் கன்ட்ரோலர் அதையும் "வழக்கம்" என்று கற்றுக்கொண்டு வாயைத் திறக்காது, ஒரு நாள் கேட் தண்டவாளத்திலிருந்து இறங்கிய பிறகுதான் தெரியும். அதனால் பொருத்திய அன்று எடுத்த அளவுகளைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன். அதைவிட ஒன்றரை ஆம்ப் கூடினால் பஸ்ஸர் அடிக்கும், கற்பதும் நின்றுவிடும். இரண்டாம் வழியில் இந்தத் தொல்லை கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேலே அந்த 400 மில்லிவிநாடி எதற்கு என்றால், மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது நின்றுபோன மோட்டார் மாதிரியே 20 ஆம்ப் வரை இழுக்கப் பார்க்கும். அதைத் தடை என்று எடுத்தால் கேட் கிளம்பவே கிளம்பாது, அதனால் எல்லோரும் அந்த நேரத்தில் கண்ணை மூடுகிறார்கள். ஆனால் கேட்டில் சாய்ந்து கையை வைத்திருக்கும்போது யாராவது ரிமோட்டை அழுத்தினால்? அதற்கு நான் செய்தது மெதுவான தொடக்கம். முதலில் 30 சதவீத பிடபிள்யூஎம், அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டு 30 சதவீத நேரம் மட்டும் கொடுப்பது, பிறகு படிப்படியாக. 30 சதவீதத்தில் மோட்டார் முழுசாக நின்றிருந்தால்கூட 7.2 வோல்ட், 6 ஆம்ப், 36 கிலோவுக்கு மேல் தள்ள முடியாது. ஓட்டை முழுசாக அடைபடவில்லை, சின்னதாகியிருக்கிறது.

பிடபிள்யூஎம் போட்டதும் நானே ஒரு நாள் முழுக்க முழித்த ஒரு விஷயம். சென்சாரை முதலில் பேட்டரி ஒயரில் போட்டிருந்தேன். மெதுவாக ஓடும்போது ஆம்ப் வேடிக்கையாகக் குறைவாகக் காட்டியது, தடையே தெரியவில்லை. காரணம், 30 சதவீதத்தில் மோட்டாருக்குள் 6 ஆம்ப் சுற்றினாலும் பேட்டரியிலிருந்து சராசரியாக 1.8 ஆம்ப்தான் வரும், மீதி நேரம் டயோடு வழியாக மோட்டாருக்குள்ளேயே சுற்றும். சென்சார் மோட்டார் ஒயரில்தான் இருக்க வேண்டும். 20 ஆம்ப் ஏசிஎஸ்712 சிப்பை வைத்தேன், ஆம்புக்கு 100 மில்லிவோல்ட், 10 பிட் ஏடிசியில் ஒரு படிக்கு ஏறக்குறைய 0.05 ஆம்ப், இந்த வேலைக்கு ஏராளம். அதன் பூஜ்யப் புள்ளி வெயிலுக்கு நகரும், அதனால் ஒவ்வொரு முறையும் மோட்டார் கிளம்பும் முன் பூஜ்யத்தை அளந்துகொள்கிறது.

கரன்ட் சென்சிங்குக்கு எந்த வழியிலும் போகாத ஒரு குறை உண்டு. கேட் முட்டிய பிறகு வேகம் குறைந்தால்தான் ஆம்ப் ஏறும். அதுவரை தள்ளுவது மோட்டார் இல்லை, 300 கிலோ இரும்பின் ஓட்டம். விநாடிக்கு 18 சென்டிமீட்டரில் அது ஏறக்குறைய 5 ஜூல். உறுதியான ஒன்றில் முட்டி 2 சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரி 25 கிலோ அடி, முன் விளிம்பில் 5 சென்டிமீட்டர் அமுங்கும் ரப்பர் இருந்தால் 10 கிலோ. வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால்வாசி. மூன்றாம் வழியில் இடம் தெரியும் என்பதால் கடைசி 40 சென்டிமீட்டரைப் பாதி வேகத்தில் ஓட்டுகிறேன், கூடுதலாக 2 விநாடிதான் ஆகிறது. (அந்தக் கட்டங்களின் வழக்க ஆம்பை இந்த வேகத்திலேயே கற்க விட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.)

இன்னொன்று: தடை தெரிந்தவுடனே ரிலேயை எதிர்ப்பக்கம் போடக் கூடாது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே உண்டாக்கும் 21 வோல்ட்டும் பேட்டரியின் 24-ம் சேர்ந்து 37 ஆம்ப் வரை போகும், ரிலே முனை ஒட்டிக்கொள்ளும். நிறுத்து, மோட்டாரின் இரு முனைகளையும் ஷார்ட் செய்து பிரேக் பிடி, 300 மில்லிவிநாடி பொறு, பிறகு பின்னால் போ.

சோதிக்க பெரிய கருவி வேண்டாம். குளியலறை எடை மெஷினைத் தூண் பக்கம் செங்குத்தாக ஒரு மரக்கட்டையோடு நிறுத்தி, கேட்டை அதில் முட்ட விட்டேன். மூன்று இடத்தில், திறக்கவும் மூடவும். முதல் அடியின் உச்சத்தை அது காட்டாது, மெதுவான கருவி. ஆனால் அதன் பிறகு நிற்கும் தள்ளு தெரியும். ஒரே உச்ச அளவில் 19, 20 கிலோ காட்டியது, கட்டக் கணக்கில் 8-ஐத் தாண்டவில்லை.

ஆக, தண்டவாளம் சமமாக, முழு ஓட்டத்திலும் ஆம்ப் வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் இரண்டாம் வழியே போதும், கூடுதல் சென்சார் எதற்கு. அதற்கு முன் ஒரு முறை முழு ஓட்டத்தையும் அளந்து பாருங்கள். 2, 4 என்று ஆடினால் மூன்றாம் வழி. எதை எடுத்தாலும் என்சி லிமிட் சுவிட்ச் இருக்கட்டும், முழங்கால் உயரத்தில் ஒரு ஃபோட்டோ சென்சார் இருக்கட்டும், ஏனென்றால் கரன்ட் தொட்ட பிறகுதான் பேசும்.

மாமாவுக்கு இப்போது சுவிட்சில் குறையில்லை. அந்த வெல்டிங்கை ஏன் கிரைண்டர் போட்டுத் தேய்க்கவில்லை என்றுதான் கேட்கிறார்.